அக்காவா, அத்தையா, அம்மாவா? மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் மூத்த பெண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி

ஜகார்த்தாவில் அறை எடுத்துத் தங்கிய முதல் வாரம் ஒருநாள் காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. வீட்டுக்கார அம்மாள் கீழ்த்தளத்தில் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நேரில் போய்ப் பேசும் அளவுக்கு மொழி வராததால் கைப்பேசியில் எழுதலாம் என்று முடிவு செய்தேன். அகராதியில் அத்தை, சித்தி இரண்டுக்கும் 'பிபி' என்றிருந்தது. அதையே போட்டு எழுதினேன்.

```
Selamat pagi, Bibi. Air di kamar saya mati.
```

காலை வணக்கம், பிபி, என் அறையில் தண்ணீர் வரவில்லை. இலக்கணத்தில் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

```
Bibi lagi ke pasar, Mas. Airnya kenapa?
```

'பிபி சந்தைக்குப் போயிருக்கிறார். தண்ணீருக்கு என்ன?' என்று கேட்டிருந்தார். 'மாஸ்' என்பது இளைஞரை மரியாதையாக அழைக்கும் சொல். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சந்தைக்குப் போனவர் எப்படிப் பதில் எழுதுகிறார்? பக்கத்து அறைப் பையன் விளக்கிய பிறகுதான் புரிந்தது. அந்த வீட்டில் பிபி என்றால் சமையலுக்கும் துணி துவைக்கவும் வரும் பெண்மணி. வீட்டுக்கார அம்மாள், நான் அவரைத்தான் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அல்லது அப்படி நினைத்ததாகக் காட்டிக்கொண்டு என் மானத்தைக் காப்பாற்றினார்.

அகராதி பொய் சொல்லவில்லை. தாய் தந்தையின் தங்கையை பிபி என்று கூப்பிடும் குடும்பங்கள் இந்தோனேசியாவில் உண்டு. ஆனால் நகரத்து வீடுகளில் அந்தச் சொல் வீட்டு வேலை செய்பவரிடம் போய் ஒட்டிக்கொண்டது. மலேசியாவிலும் கதை ஏறக்குறைய இதேதான். அங்கே 'பிபிக்' என்றால் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வந்து வீட்டு வேலை செய்யும் பெண்.

என் தவறு பிபியில் தொடங்கவில்லை. முன்பின் தெரியாத மூத்த பெண்ணை 'ஆன்டி' என்று அழைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. ஆன்டிக்கு அந்த மொழியில் என்ன சொல் என்று தேடியதுதான் முதல் தவறு. தமிழில் கடைக்கார அம்மாளையும், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரையும், வயதில் சற்றே மூத்தவரையும் நாம் காலங்காலமாக எப்படி அழைத்துவந்தோம்? 'அம்மா', 'அக்கா'. அந்தப் பழைய வழியைப் பிடித்திருந்தால் நேராகச் சரியான சொல்லுக்குப் போயிருப்பேன்.

'நீங்கள்' இல்லாத வாக்கியம்

சொல்லைத் தேர்வதற்கு முன்னால் அது வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழில் 'அக்கா' என்று கூப்பிட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தில் 'நீங்கள் எப்போது வருவீர்கள்?' என்று கேட்கலாம். மரியாதை முழுவதையும் 'நீங்கள்' தாங்கிக்கொள்ளும். மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் மூத்தவரிடம் தயங்காமல் சொல்லக்கூடிய 'நீங்கள்' கிடையாது. மலாயில் 'அவாக்', இந்தோனேசிய மொழியில் 'காமு' என்று இருப்பவை நம் 'நீ'யின் பக்கத்தில் நிற்பவை. தோழர்களுக்கும் இளையவர்களுக்கும் உரியவை. 'ஆன்டா' என்று ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான முன்னிலைச் சொல் ஒன்று வேண்டும் என்று 1957இல் இந்தோனேசியாவில் முன்வைக்கப்பட்டது அது. இன்று விளம்பரத்திலும், படிவத்திலும், வங்கி அனுப்பும் செய்தியிலும் வாழ்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு ஆன்டா போட்டு எழுதினால், மின்சாரக் கட்டணம் பாக்கி என்று அறிவிப்பு அனுப்பியது போல இருக்கும்.

ஆகவே உறவுச் சொல்லே 'நீங்கள்' ஆகிறது. 'அக்கா எப்போது வருவீர்கள்?', 'அக்காவின் வீடு எங்கே?', 'இது அக்காவுக்கு' என்று வாக்கியம்தோறும் அதுவே திரும்பி வரும். நான்கு வரிச் செய்தியில் நான்கு முறை வரலாம். தமிழில் விளிச்சொல் சற்றுப் பிசகினாலும் ஒரு தடவையோடு போகும். இங்கே தவறான சொல்லைத் தேர்ந்தால் அவரை நான்கு தடவை தவறாக அழைத்ததாகும்.

மலேசியாவில்: காக், மாக் சிக்

கிள்ளான் பக்கத்து அடுக்குமாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதிர் வரிசையில் ஒரு மலாய்ப் பெண்மணி வீட்டிலேயே கறிபாப் செய்து விற்கிறார். கறிபாப் என்பது உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த பிறைவடிவப் பலகாரம், நம் சோமாசுக்கு உறவு. மின்தூக்கியில் ஒட்டிய தாளிலிருந்து எண் கிடைத்தது. சனிக்கிழமைக்கு ஐம்பது வேண்டும். புதிதாக மலாய் கற்றவர் இப்படி எழுதுவார்:

```
Hi, awak ada jual karipap?
Saya nak 50 biji. Rumah awak di mana?
```

பொருள் விளங்கும். ஆனால் 'ஏம்மா, நீ கறிபாப் விற்கிறாயா? உன் வீடு எங்கே?' என்ற தொனி. பதில் வரலாம், சுருக்கமாக வரும். அதே செய்தியைப் பழகியவர் எழுதினால்:

```
Selamat pagi Kak. Saya jiran dari blok B.
Akak ada buat karipap lagi? Saya nak 50 biji
untuk hari Sabtu. Boleh saya ambil di rumah akak?
Terima kasih Kak.
```

'காகாக்' என்றால் அக்கா. கூப்பிடும்போது அது 'காக்' என்று சுருங்கும். வாக்கியத்துக்குள் 'நீங்கள்' என்ற இடத்தில் வரும்போது பேச்சு வழக்கில் 'அகாக்' ஆகும். மேலே முதல் வரியிலும் கடைசி வரியிலும் இருப்பது கூப்பிடும் வடிவம். நடுவில் இரண்டு இடத்தில் இருப்பது 'நீங்கள்', 'உங்கள்' என்பதன் வேலையைச் செய்யும் வடிவம். எல்லாவற்றிலும் கடைசி 'க்' தொண்டையிலேயே நின்றுவிடும், வெளியே வராது. தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் நன்றியோடு ஒரு தடவை விளிச்சொல்லை வைப்பது நல்ல பழக்கம். முடிவில் வருவதை விட்டுவிட்டால் பாதியில் எழுந்து போனது போலத் தோன்றும்.

'மாக் சிக்' இன்னும் ஒரு படி மேலே. 'மாக்' அம்மா. 'சிக்' என்பது சிறிய என்ற பொருள் கொண்ட 'கெச்சில்' என்பதன் குறுக்கம் என்று விளக்குவார்கள். அப்படிப் பார்த்தால் அது நம் சின்னம்மாவேதான். தாயின் தங்கைக்கும் வரும், தந்தையின் தங்கைக்கும் வரும், தெருவில் பார்க்கும் மூத்த மலாய்ப் பெண்மணிக்கும் வரும்.

எந்த வயதில் காக் முடிந்து மாக் சிக் தொடங்குகிறது? பிறந்த ஆண்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அளவுகோல் உங்கள் தாயார்தான். அவர் வயதை ஒட்டியவர் மாக் சிக், அவரைவிடத் தெளிவாக இளையவர் காக். இருபது வயதுப் பையனுக்கு மாக் சிக்காக இருக்கும் அதே பெண்மணி, நாற்பது வயதுக்காரருக்குக் காக். ஐயம் வந்தால் கீழ்ப்படியிலேயே நிற்பது நல்லது. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணைக் காக் என்றால் அவர் மகிழ்வார், அல்லது கவனிக்கவே மாட்டார். மாக் சிக் என்றால் சிலர் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். சிலர் திருத்தவும் மாட்டார்கள், கறிபாப்பும் கொஞ்சம் சிறுத்துவிடும்.

நம் ஊகத்தைச் சரிபார்க்கும் விடை அவருடைய பதிலிலேயே இருக்கிறது. மலாயில் மூத்தவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும்போதும் 'நான்' என்பதை விட்டு உறவுச் சொல்லையே வைப்பார்கள். 'அக்கா நாளைக்குச் செய்து தருகிறேன்' என்பது போல. மேலே உள்ள செய்திக்கு இப்படி ஒரு பதில் வந்தால்:

```
Boleh dik. Akak siapkan pagi Sabtu.
Nak inti kentang ke ayam?
```

ஊகம் சரி. அவர் தன்னை அகாக் என்கிறார். உங்களை 'டிக்' என்கிறார், அதாவது 'ஆடிக்', தம்பி அல்லது தங்கை. உருளைக்கிழங்கா கோழியா என்று கேட்கிறார். ஆனால் இப்படி வந்தால்:

```
Boleh nak. Mak cik siapkan pagi Sabtu.
```

அவர் உங்களைப் பிள்ளை என்று அழைத்துவிட்டார், தன்னை மாக் சிக் என்று வைத்துக்கொண்டார். அடுத்த வரியிலேயே நீங்களும் மாறிக்கொள்ள வேண்டும். 'நன்றி மாக் சிக், ஒன்பது மணிக்கு வருகிறேன்' என்று எழுதினால் போதும். மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. இன்னும் காக் என்றே எழுதிக்கொண்டிருப்பதுதான் அவர் சொன்னதைக் காதில் வாங்காத செயல்.

இந்த இரண்டு பதில்களிலும் 'நாக்' என்ற சொல் வருவதைக் கவனித்திருப்பீர்கள். கோழியா கிழங்கா என்ற கேள்வியில் அதற்கு 'வேண்டும்' என்று பொருள். இரண்டாவது பதிலில் அது 'அனாக்', பிள்ளை என்பதன் குறுக்கம். எழுத்தில் வித்தியாசமே கிடையாது. வாக்கியத்தின் முன்னால் வினைபோல நின்றால் வேண்டும், 'சரி' என்பதற்குப் பின்னால் தனியாகத் தொங்கினால் பிள்ளை. கற்றுக்கொள்ளும் காலத்தில் 'சரி, வேண்டும்' என்று இதை மொழிபெயர்த்துக் குழம்பியவர்கள் பலர், நானும் அதில் ஒருவன்.

அவர் பெயர் தெரிந்திருந்தால் காக்கோடு அதைச் சேர்க்கலாம். முழுப்பெயர் வேண்டாம். மலாய்க்காரர்கள் பெரும்பாலும் பெயரின் கடைசி அசையை எடுத்துக்கொள்வார்கள். ஹலிமா என்றால் காக் மா, சைனாப் என்றால் காக் நாப். அலுவலகம், மருத்துவமனை போன்ற இடங்களில் உறவுச் சொல் ஒதுங்கி, திருமணமானவருக்குப் 'புவான்', ஆகாதவருக்கு 'சிக்' என்று வரும். ஆசிரியை என்றால் வயது எதுவாயினும் 'சிக்கு'. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

மலேசியாவில் இந்தச் சொற்களுக்கு இன எல்லையும் உண்டு. மாக் சிக் மலாய்ப் பெண்மணிக்கு உரியது. சீனப் பெண்மணிக்கோ இந்தியப் பெண்மணிக்கோ மலாயில் எழுதினாலும் 'ஆன்டி' என்றே எழுதுவார்கள். தமிழ்ப் பெண்களை 'அக்கா' என்றே கூப்பிடும் மலாய்க்காரர்களும் சீனர்களும் அங்கே உண்டு. அக்காவையும் காகாக்கையும் ஒலியை வைத்து ஒரே குடும்பம் என்று சொல்ல ஆசை வரும். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லிவிட முடியாது.

இந்தோனேசியாவில்: இபு, ம்பாக்

கடலைத் தாண்டியதும் மாக் சிக் வழக்கில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சுமாத்திராவின் மலாய்ப் பகுதிகளில் கேட்கலாம். ஜாவாவில் எழுதினால் 'மலேசியாவிலிருந்து வந்தவரா?' என்று கேட்பார்கள். அங்கே அச்சாணி போன்ற சொல் 'இபு'. 'பஸ்' என்று சொல்லும்போது வரும் ப-வைப் போல அதன் நடு எழுத்தை ஒலிக்க வேண்டும். இபு என்றால் அம்மா. பெற்ற தாய்க்கும் அதுதான், ஆசிரியைக்கும் அதுதான், அமைச்சருக்கும் அதுதான், காய்கறி விற்பவருக்கும் அதுதான். நம் 'அம்மா' எப்படித் தாயிலிருந்து தலைவி வரை நீள்கிறதோ அப்படி. நான் அன்று காலை எழுதியிருக்க வேண்டியது இந்தச் சொல்லைத்தான்.

காக், அகாக் போலவே இதற்கும் இரண்டு வடிவம். கூப்பிடும்போது 'பு', வாக்கியத்துக்குள் 'இபு'. பெயரோடு சேர்த்தால் 'பு ஸ்ரீ' என்பது போல வரும். எழுத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தோனேசிய எழுத்துமுறையில் முன்னிலையில் வரும் உறவுச் சொல்லுக்குப் பெரிய எழுத்து, விளிக்கு முன்னால் காற்புள்ளி. கைப்பேசியில் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஆசிரியைக்கோ வீட்டு உரிமையாளருக்கோ எழுதும்போது பெரிய எழுத்தை விடாமல் போட்டால், அயல்நாட்டவரின் கரடுமுரடான மொழியையும் அது கொஞ்சம் மெருகேற்றிவிடும்.

குழாய் கசிகிறது, வீட்டு உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும். நான்காம் எண் அறைக்காரர் எழுதுகிறார்:

```
Selamat sore, Bu. Maaf mengganggu.
Saya penghuni kamar 4. Keran kamar mandi bocor
sejak tadi pagi. Apa bisa dipanggilkan tukang, Bu?
Atau kalau ada nomornya, biar saya yang telepon.
Terima kasih, Bu.
```

மாலை வணக்கம், தொந்தரவுக்கு மன்னிக்கவும், நான் நான்காம் அறை, குளியலறைக் குழாய் காலையிலிருந்து கசிகிறது, ஆள் அழைக்கப்பட முடியுமா, அல்லது எண் இருந்தால் நானே பேசிக்கொள்கிறேன், நன்றி. இந்தச் செய்தியில் 'பு' மூன்று முறை வருகிறது, 'இபு' ஒரு முறைகூட இல்லை. எழுதியவர் 'நீங்கள்' என்ற இடத்தையே இரண்டு விதமாகத் தாண்டியிருக்கிறார். 'நீங்கள் ஆள் அழைப்பீர்களா?' என்று கேட்காமல் 'அழைக்கப்பட முடியுமா?' என்று செயப்பாட்டு வினைக்குப் போனார். தமிழ் இலக்கண ஆசிரியர்கள் இந்த வினையைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். இந்தோனேசிய மொழியில் அது பணிவின் முதுகெலும்பு. 'உங்களிடம் உள்ள எண்' என்று சொல்லாமல் எண்ணின் பின்னால் '-ஞா' என்ற ஒட்டை வைத்தார். 'அதன், அவரது' என்று பொருள் தரும் ஒட்டு அது. எதிரில் இருப்பவரின் பொருளையே படர்க்கையில் வைத்துப் பேசுவதால் விரல் நேராக அவரை நோக்கி நீளாது. முகவரி கேட்கும்போதும் இதே வழிதான்:

```
Alamatnya di mana, Bu?
```

'உன்' என்று பொருள்படும் '-மு' ஒட்டைப் போட்டுவிட்டால், முன்னால் எத்தனை 'பு' எழுதியிருந்தாலும் பயனில்லை. செய்தியை அனுப்பும் முன் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் வாலையும் ஒரு தடவை பார்த்துவிடுவது என் வழக்கம்.

இபுவுக்குக் கீழே 'ம்பாக்'. ஜாவா மொழியில் அக்கா. கடை ஊழியர், அலுவலகத்தில் சற்று மூத்தவர், முப்பது வயதுக்குள் இருக்கும் முன்பின் தெரியாத பெண் எல்லோரும் ம்பாக். எந்த இடத்தில் ம்பாக்கை விட்டு இபுவுக்குப் போவது? இங்கே மலேசியாவின் கணக்கு பாதி தலைகீழாகிறது. இபு வயதை மட்டும் சொல்லவில்லை, இடத்தையும் சொல்கிறது. இருபத்து நான்கு வயது ஆசிரியை மாணவரின் பெற்றோருக்கும் இபுதான். வீட்டு உரிமையாளர், அதிகாரி, மருத்துவமனையில் பொறுப்பில் இருப்பவர் இவர்களிடம் ஐயம் வந்தால் மேல்படிக்கே போய்விடலாம். அங்கே ம்பாக் என்பது மரியாதைக் குறைவாகப் படும் வாய்ப்பு அதிகம். கடையிலும் தெருவிலும் மட்டும் கீழ்ப்படி நல்லது. துணிக்கடைப் பெண்ணை இபு என்றால் அவர் கண்ணாடியைப் பார்க்கப் போய்விடுவார்.

'தாந்தே' என்றொரு சொல்லும் இருக்கிறது. டச்சு மொழியிலிருந்து வந்தது. ஆன்டியைத் தேடி வருபவர்கள் பிபிக்கு அடுத்தபடியாக இதில்தான் விழுவார்கள். நண்பனின் அம்மாவை, அம்மாவின் தோழியை, குறிப்பாக நகரத்துச் சீன வம்சாவளிக் குடும்பங்களில், தாந்தே என்பது இயல்பு. ஆனால் அறிமுகமே இல்லாத பெண்மணிக்குத் தாந்தே என்று எழுதிவிடக் கூடாது. இளைஞர்களை நாடும் வசதியான நடுவயதுப் பெண்ணைக் கேலி செய்யும் தொடர் ஒன்றில் இந்தச் சொல் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நிழல் சில நேரம் மேலே விழும். அவரே தன்னைத் தாந்தே என்று எழுதினால் மட்டும் எழுதுவது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தோனேசியாவில் 'காக்' உண்டா என்றால், உண்டு, ஆனால் பொருள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அங்கே காகாக் என்பது அண்ணன், அக்கா இருவருக்கும் ஆகும். இணையக் கடைகள் வாங்குபவர் ஆணா பெண்ணா என்று தெரியாததால் எல்லோரையும் காக் என்றே எழுதுகின்றன. மலேசியாவிலிருந்து போன மீசைக்கார நண்பர் ஒருவர், 'சரிங்க காக், அனுப்பிவிட்டோம் காக்' என்ற பதிலைக் கண்டு தன் பெயரைத் தவறாகப் பதிந்துவிட்டார்கள் என்று புகார் எழுதப் போனார். மலாயில் காக் பெண்ணுக்கு மட்டுமே.

ஊருக்கு ஊர் அக்கா மாறுவதையும் சொல்ல வேண்டும். பண்டுங்கில், சுண்டா மக்களிடம், 'தேதே', சுருக்கமாகத் 'தே'. மினாங்கபாவ் பெண்ணுக்கு 'ஊனி'. மேடானில் காக் என்பதே வழக்கு, ம்பாக் என்றால் ஜாவாக்காரியாக்கிவிட்டதாக நினைப்பார்கள். பாலியில் 'ம்போக்' என்றால் அக்கா. அதே ஒலி ஜாவாவில் பழைய நாளின் கிராமத்துத் தாய், கூடை தூக்கி விற்கும் மூதாட்டி. இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மற்றவர்கள் அவரை எப்படி அழைக்கிறார்கள் என்று குழுவில் ஒரு நாள் பார்த்தால் போதும். தெரியாத ஊரில் இபு எங்கும் செல்லும்.

உண்மையான உறவு என்றால்

இதுவரை சொன்னது அயலாருக்கு. திருமணத்தால் மலாய்க் குடும்பத்திலோ ஜாவாக் குடும்பத்திலோ சேர்ந்தவர்களுக்குக் கதை வேறு. தமிழர்களுக்கு அதில் ஒரு சுவாரசியமும் இருக்கிறது. மலாய்க் குடும்பத்தில் அத்தை, சித்தி என்ற பிரிவு கிடையாது. அப்பாவின் தங்கையும் அம்மாவின் தங்கையும் ஒன்றே. அதற்குப் பதில் பிறந்த வரிசை பேசும். மூத்தவர் 'மாக் லோங்', நடுவில் பிறந்தவர் 'மாக் ஙா', கடைசி 'மாக் சூ'. மூத்த மாமாவை மணந்தவரும் மாக் லோங் ஆகிவிடுவார். குடும்பக் குழுவில் மூன்று மாக் லோங் இருந்தால் அப்பா வழி, அம்மா வழி, சம்பந்தி வழி என்று தனியாகக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜாவாவில் 'புடே', 'புலிக்'. இபு கெடே என்றால் பெரிய அம்மா, இபு சிலிக் என்றால் சின்ன அம்மா. பெற்றோரைவிட மூத்தவர் புடே, இளையவர் புலிக். நம் பெரியம்மாவையும் சின்னம்மாவையும் எழுத்துக்கு எழுத்து எடுத்து வைத்தது போல. ஆனால் அங்கும் அத்தை தனியாக இல்லை. அத்தையைத் தேடினால் வடசுமாத்திராவின் பத்தாக் மக்களிடம் போக வேண்டும். அங்கே தந்தையின் சகோதரி 'நம்போரு', தாய்மாமனின் மனைவி 'நான்துலாங்', தாய்மாமன் மகளை மணப்பது சிறந்த உறவாகக் கருதப்பட்ட மரபும் உண்டு. பத்தாக் நண்பரிடம் நம் முறைகளை விளக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜாவாக்காரரிடம் ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

திரையில் காணும் குறுக்கங்கள்

பெறும் செய்திகளில் சொற்கள் நறுக்கப்பட்டு வரும். இவற்றைப் படிக்கத் தெரிந்தால் போதும், மூத்தவர்களுக்கு நீங்கள் எழுதும்போது முழுமையாகவே எழுதுங்கள்.

```
mba, mbk   = mbak
kk         = kakak
sy, nk     = saya, nak
x pe       = tak apa
```

கடைசி இரண்டு வரிகள் மலேசியாவுக்கு உரியவை. பெருக்கல் குறி போன்ற அந்த எழுத்து 'இல்லை' என்ற பொருளில் வரும், முழுத் தொடருக்குப் 'பரவாயில்லை' என்று பொருள். இந்தோனேசியாவில் ஒற்றை எழுத்து ஒன்றை அனுப்பிக் கவனம் இழுக்கும் பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது.

```
P
```

பழைய பிளாக்பெரி கைப்பேசிகளில் மணியடிப்பதற்கு இருந்த வசதியின் எச்சம் அது. மூத்த பெண்மணிக்கு இதை அனுப்புவது, வீட்டு வாசலில் நின்று விசில் அடிப்பதற்குச் சமம். வணக்கமும் விளிச்சொல்லும் செய்தியும் ஒரே குமிழியில் போகட்டும். வணக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், என்ன கேட்கப் போகிறாரோ என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டுக்கார அம்மாள் முதல் சில மாதங்கள் எனக்கு எழுதியதெல்லாம் 'சாயா' என்ற சொல்லில்தான், 'நான்' என்று பொருள்படும் சொல். வாடகை வந்தது, நான் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவ நான் ஆள் சொல்லியிருக்கிறேன். நானும் ஒவ்வொரு செய்தியிலும் இபு, பு என்று எழுதிக்கொண்டே இருந்தேன். மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தேன். மூன்றாம் நாள் மதியம் கைப்பேசி ஒளிர்ந்தது.

```
Ibu masak soto, Mas. Turun ya, mumpung panas.
```

அம்மா சோத்தோ சூப் செய்திருக்கிறேன், சூடு இருக்கும்போதே கீழே வா. அன்றுதான் முதல் தடவையாக அவர் 'சாயா'வை விட்டுவிட்டு எழுதியிருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனேன்.